சார், இன்னிக்கு வர முடியலைங்க!

ஸ்கூல்ல நாம மனப்பாடம் பண்ண ஒரே லெட்டர் லீவ் லெட்டர்தான். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...'னு ஆரம்பிச்சு, 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்'னு முடியும். பேரும் தேதியும் மட்டும் மாறும். வயித்துவலிக்கும் ஃபீவர்தான், மாமா கல்யாணத்துக்கும் ஃபீவர்தான்! மிஸ் அதை வாங்கி அட்டெண்டன்ஸ் நோட்டுக்குள்ள வெச்சா மேட்டர் ஓவர். நாம வராததால அந்த கிளாஸ்ல எதுவும் நின்னு போகலை. போர்டுல எழுதினதை அடுத்த நாள் பெஞ்ச் மேட் நோட்டைப் பார்த்து எழுதிக்கிட்டோம்.

இந்த லெட்டரைத்தான் பல பேர் வேலைக்கும் தூக்கிட்டு வர்றாங்க ஃப்ரெண்ட்ஸ். இன்டர்ன்ஷிப் போற தேர்ட் இயர் மாணவர், கேம்பஸ்ல செலக்ட் ஆகி மூணு மாசம் ஆன புதுசு, சாயங்காலம் பார்ட் டைம் பண்றவங்கன்னு எல்லார் போன்லயும் அதே வாசனை அடிக்கிற மெசேஜ்: 'சார், ஃபீவர், ஒன் டே லீவ் வேணும்.' இதுல பொய் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனா இதைப் படிச்ச மேனேஜருக்கு அடுத்து என்ன செய்யணும்னு ஒண்ணுமே தெரியாது. அங்கதான் சிக்கல்.

ஒரு கேஸ் எடுத்துப்போம். இடம் திருப்பூர். ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. நம்ம ஹீரோ அங்க ஜூனியர் மெர்ச்சண்டைசர், சேர்ந்து நாலு மாசம். மெர்ச்சண்டைசர்னா வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல நிக்கிற ஆள். சாம்பிள் அனுப்பறது, கலர் அப்ரூவல் வாங்கறது, துணி வந்துச்சா, தையல் முடிஞ்சுதா, பேக்கிங் எத்தனை ஆச்சுன்னு துரத்தறது எல்லாம் இவர் வேலை. புதன்கிழமை காலைல 11 மணிக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். பையர் சார்பா ஒரு க்யூ.சி. வருவார். சில கார்ட்டனை அவரே பொறுக்கிப் பிரிச்சு, உள்ளே இருக்கிற டி-ஷர்ட்டை, ஏற்கெனவே ஓகே ஆன அப்ரூவ்டு சாம்பிளோட வெச்சு ஒப்பிட்டுப் பார்ப்பார். அளவு, கலர், தையல், லேபிள்னு ஒவ்வொண்ணும் அந்த ஒரு சாம்பிளை வெச்சுத்தான். அவர் பாஸ் போட்டாத்தான் சரக்கு தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி ஏறும்.

அந்த சாம்பிள் எங்க இருக்கு? ஹீரோவோட கபோர்டுல. சாவி? ஹீரோவோட பாக்கெட்ல!

செவ்வாய் ராத்திரி சாப்பிட்ட பரோட்டா வேலையைக் காட்டிடுச்சு. 2 மணியிலிருந்து வாந்தி, வயித்துப்போக்கு. விடியக்காலை 5 மணிக்கெல்லாம் ஆளு துவண்டு கிடக்கார். வேலைக்குப் போற நிலைமை இல்லைன்னு அவருக்கே தெரியுது. ஆனா '8 மணி வரைக்கும் பார்ப்போம், கொஞ்சம் சரியானா போயிடலாம்'னு படுத்துடறார். எல்லாரும் பண்றதுதான் இது. கண் விழிக்கும்போது 9.05. அவசர அவசரமா, 'சார் ஃபீவர், ஒன் டே லீவ் வேணும்'னு தட்டி அனுப்பிட்டு, போனை சார்ஜ்ல கூட போடாம தூங்கிடறார்.

இப்ப மேனேஜர் பக்கம் வாங்க. அவர் 9.20க்கு மெசேஜைப் பார்க்கிறார். உடனே அவர் மண்டைக்குள்ள ஓடற கேள்விகள் எதுவும் ஃபீவரைப் பத்தி இல்லை. பேக்கிங் எவ்வளவு முடிஞ்சுது? ஃபைல் எங்க? சாம்பிள் எங்க? பையரோட கடைசி மெயில்ல என்ன இருந்தது? போன் அடிக்கிறார்... 'தாங்கள் அழைத்த வாடிக்கையாளர்...' அப்புறம் கபோர்டை உடைக்க ஆள் தேடறாங்க. 11 மணிக்கு க்யூ.சி. வந்து நிக்கும்போது சாம்பிள் கைல இல்லைன்னா, ஒப்பிடறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட்டை நிறுத்தி வெச்சுட்டுப் போக அவருக்கு முழு உரிமை உண்டு. இன்னொரு நாள் வரச் சொன்னா அதுக்குத் தனி செலவு. லாரி லேட். கப்பலைத் தவற விட்டா, அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் சரக்கு தேமேன்னு கிடக்கும்.

கவனிச்சீங்களா? மேனேஜருக்குக் கோபம் ஹீரோ வராததுல இல்லை. உடம்பு யாருக்கு வேணும்னாலும் முடியாம போகும், அது அவருக்கும் தெரியும். ஹீரோ மண்டைக்குள்ள இருந்த நாலு தகவலும் அவரோடயே படுத்துக்கிச்சு பாருங்க, அதுதான் கடுப்பு.

சரி, அதே ஹீரோ, அதே பரோட்டா. இந்த முறை 5.15க்கு இப்படி அனுப்பறார்னு வெச்சுப்போம்:

'வணக்கம் சார். நைட் 2 மணியிலிருந்து வாந்தி, வயித்துப்போக்கு. இன்னிக்கு (புதன்) வேலைக்கு வர முடியலைங்க சார்.

11 மணி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேண்டிய அப்ரூவ்டு சாம்பிளும் ஃபைலும் என் கபோர்டுல ரெண்டாவது தட்டுல இருக்கு. சாவியை எங்க அண்ணன் 8.30க்குள்ள கேட் செக்யூரிட்டிகிட்ட குடுத்துடுவார்.

நேத்து ராத்திரி வரைக்கும் 140 கார்ட்டன்ல 112 பேக் ஆயிடுச்சு. மீதி பேக்கிங் சூப்பர்வைசர் அண்ணனுக்குத் தெரியும்.

டாக்டர்கிட்ட போயிட்டு, நாளைக்கு வர முடியுமான்னு சாயங்காலம் 5 மணிக்குள்ள சொல்றேன். போன் பக்கத்துலயே இருக்கும் சார்.'

அவ்வளவுதான். நாலு சின்ன பாரா. தட்டறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். இப்ப இதுல ஒவ்வொரு வரியும் ஏன் இருக்குன்னு பார்த்துடுவோம்.

முதல் வரியிலேயே காரணம், எந்த நாள், வர முடியாதுங்கற முடிவு மூணும் வந்துடுச்சு. போன் ஸ்க்ரீன்ல நோட்டிஃபிகேஷன் வரும்போது முதல் ஒண்ணு ரெண்டு வரிதான் தெரியும். மேனேஜர் மெசேஜைத் திறக்காமலே விஷயம் போய்ச் சேரணும். 'சார் குட் மார்னிங், ஹவ் ஆர் யூ, உங்களை தொந்தரவு பண்றதுக்கு சாரி...'னு ஆரம்பிச்சா அந்த ரெண்டு வரி வீணாப் போச்சு. அடைப்புக்குறிக்குள்ள 'புதன்'னு போட்டதும் காரணத்தோடதான். விடியக்காலைல அனுப்பற மெசேஜ்ல வெறும் 'இன்னிக்கு'ன்னா, தூக்கக் கலக்கத்துல படிக்கறவருக்குக் குழப்பம் வரும். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவங்க கண்டிப்பா கிழமையும் தேதியும் போடணும். ராத்திரி 1 மணிக்கு 'நாளைக்கு'ன்னா எந்த நாள்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்!

'லீவ் வேணும்'னு கேட்காம 'வர முடியலைங்க'ன்னு சொன்னதையும் கவனிங்க. சிலருக்கு இது திமிரா தெரியலாம். எனக்கு அப்படித் தோணலை. அடுத்த மாசம் ஊர் திருவிழாவுக்கு லீவ்னா அது அனுமதி கேட்கிற விஷயம், கேட்டுத்தான் ஆகணும். எழுந்து நிக்கவே முடியாதவர் அனுமதி கேட்டு, அவர் 'நோ'ன்னா என்ன பண்ணப் போறார்? இது தகவல். தகவலை மரியாதையா சொன்னா போதும். அந்த 'ங்க'வுலயும் 'சார்'லயும் மரியாதை தாராளமா இருக்கு.

அடுத்தது வேலை. இந்த மெசேஜோட உயிரே இங்கதான். நம்ம ஹீரோ தன்னோட எல்லா வேலையையும் எழுதலை. அடுத்த வாரம் போக வேண்டிய சாம்பிள், கலர் அப்ரூவலுக்குக் காத்திருக்கிற இன்னொரு ஆர்டர், இதெல்லாம் இருந்திருக்கும். எதையும் தொடலை. இன்னிக்கு, தான் இல்லாம எது நின்னு போகும்னு மட்டும் யோசிச்சிருக்கார். அது ஒண்ணே ஒண்ணுதான்: 11 மணி இன்ஸ்பெக்‌ஷன். அதுக்கு என்ன வேணும், அது எங்க இருக்கு, யார் கைக்கு எப்படி வரும்னு சொல்லிட்டார். 'டீம்ல யாராவது பார்த்துப்பாங்க'ன்னு எழுதினா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. ஆள், இடம், நேரம் மூணும் வேணும்.

அந்த 112 கணக்கு எதுக்குங்கறீங்களா? ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பொதுவா ஒரு விதி உண்டு. தையல் முழுசா முடிஞ்சிருக்கணும், பேக்கிங் குறைஞ்சது 80 சதவிகிதமாவது ஆகியிருக்கணும். 140ல 112ன்னா சரியா 80. அதாவது க்யூ.சி. தாராளமா வரலாம். அதுவே 90 கார்ட்டன்தான்னா, க்யூ.சி. கிளம்பறதுக்கு முன்னாடியே மேனேஜர் போன் பண்ணி மத்தியானத்துக்கு மாத்திக்க முடியும். ஒரே ஒரு நம்பர், மேனேஜரோட காலைப் பொழுதைக் காப்பாத்துது. உங்க வேலையில இந்த நம்பர் வேறயா இருக்கும். கால் சென்டர்னா திரும்பக் கூப்பிடறேன்னு நீங்க வாக்குக் குடுத்த கஸ்டமர்கள், லேப்னா பாதியில நிக்கிற டெஸ்ட், டியூஷன் சென்டர்னா அன்னிக்கு எடுக்க வேண்டிய பாடம்.

கடைசி பாரா, அடுத்த தகவல் எப்போங்கறது. நாளைக்கு வருவேனான்னு 5.15க்கு ஹீரோவுக்கே தெரியாது. தெரியாததை 'நாளைக்குக் கண்டிப்பா வந்துடுவேன் சார்'னு அள்ளி விடலை. எப்போ தெரியும்னு மட்டும் சொல்லியிருக்கார். சாயங்காலம் 5 மணிங்கறதும் சும்மா போட்டது இல்லை. மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, மறுநாள் வேலையை யாருக்குப் பிரிச்சுக் குடுக்கலாம்னு முடிவு பண்ற நேரம் அது.

மெசேஜ் அனுப்பினா கதை முடிஞ்சுதா? இல்லை பாஸ். வாட்ஸ்அப்ல ஒரு டிக் மட்டும் நிக்குதுன்னா உங்க போனை விட்டுக் கிளம்பிடுச்சு, அவர் போனுக்கு இன்னும் போகலைன்னு அர்த்தம். ரெண்டு டிக் வந்தா போய்ச் சேர்ந்துடுச்சு. நீலம் ஆனா பார்த்துட்டார். நீலம் வராததும் பார்க்கலைன்னு அர்த்தம் இல்லை, சிலர் அதை ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க. 5.15க்குப் போன் பண்ணி ஒருத்தரை எழுப்ப வேண்டாம். ஆனா 7.30, 8 மணிக்கும் பதில் இல்லைன்னா ஒரு போன் பண்ணிடுங்க. 'சார், மெசேஜ் பார்த்தீங்களா?'ன்னு ரெண்டே வாக்கியம் போதும். எடுக்கலைன்னா ஒரு எஸ்.எம்.எஸ்., அப்புறம் டீம்ல சீனியர் ஒருத்தருக்குத் தகவல். டீம் குரூப்ல மட்டும் போட்டுட்டு விடறது ரொம்பத் தப்பு. அங்க 'குட் மார்னிங்' பூங்கொத்துக்கு நடுவுல உங்க வாந்தி காணாமப் போயிடும். சில கம்பெனியில 'ஷிஃப்ட் ஆரம்பிக்க இத்தனை மணி நேரம் முன்னாடி, இந்த நம்பருக்குப் போன்லதான் சொல்லணும்'னு எழுத்துலயே இருக்கும். அப்படி இருந்தா அதுதான் ரூல். சேர்ந்த முதல் வாரத்துலயே கேட்டு, அந்த நம்பரை போன்ல சேவ் பண்ணிக்குங்க. 103 டிகிரி ஜுரத்துல எச்.ஆர். நம்பரைத் தேடறது பெரிய கொடுமை.

இதெல்லாம் உடம்புக்கு. வீட்டுல எமர்ஜென்சின்னா கதை வேற. அப்பா பைக்ல இருந்து விழுந்துட்டார்னு போன் வருது, நீங்க ஈரோடு பஸ்ல ஏறிட்டீங்க. அந்த நேரத்துல கபோர்டு, கார்ட்டன்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? வர வேண்டிய அவசியமும் இல்லை. மெசேஜை ரெண்டாப் பிரிச்சுடுங்க. முதல்ல இது:

'சார், அப்பாவுக்கு ஆக்ஸிடென்ட். ஈரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன். இன்னிக்கு வர முடியாதுங்க. வேலை விவரம் மத்தியானம் 1 மணிக்குள்ள சொல்றேன்.'

ஆஸ்பத்திரி போய், அப்பாவைப் பார்த்து, மூச்சு விட்டதுக்கு அப்புறம் ரெண்டாவது மெசேஜ்ல மீதி. எத்தனை நாள் ஆகும்னு தெரியலைன்னா, 'டாக்டர் பார்த்ததுக்கு அப்புறம் ராத்திரி 8 மணிக்குச் சொல்றேன்'னு நேரத்தை மட்டும் குடுங்க. ஆஸ்பத்திரி பெட் போட்டோ, ரத்தம் படிஞ்ச சட்டை போட்டோ எல்லாம் அனுப்பாதீங்க. யாரும் கேட்கலை. நம்ப வைக்கணும்னு பதறி அனுப்பற போட்டோ, அப்பா குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும் யாரோ போன்ல இருந்துக்கிட்டே இருக்கும்.

அட்மிட் ஆனது நீங்களேன்னா, வீட்டுல இருந்து ஒருத்தர் சொல்லட்டும். ஆனா 'உங்க கம்பெனில வேலை பார்க்கிற தம்பியோட அம்மா பேசறேங்க'ன்னா மேனேஜர் எந்தத் தம்பின்னு முழிப்பார். உங்க முழுப் பேர், எந்த டிபார்ட்மென்ட், பேசறவர் என்ன உறவு, திரும்பக் கூப்பிட எந்த நம்பர், இவ்வளவும் வேணும். மேனேஜர் பேரையும் நம்பரையும் வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுத்து வெச்சிருக்கறது நல்லது. மத்தபடி, லேசான ஜுரத்துக்கெல்லாம் அம்மாவை விட்டுப் பேச வைக்கிற வேலை வேண்டாம். ப்ளீஸ்!

காரணத்தை எவ்வளவு சொல்லணும்ங்கறது நிறைய பேருக்கு, அதுவும் கேர்ள்ஸுக்கு, பெரிய தயக்கம். பீரியட்ஸ் வலியில சுருண்டு கிடக்கிறப்போ, அதை மேனேஜர் சார்கிட்ட எப்படி எழுதறதுன்னு யோசிச்சே அரை மணி நேரம் போயிடும். எழுத வேண்டியதே இல்லை. 'உடம்பு ரொம்ப முடியலைங்க சார், வேலைக்கு வர்ற நிலைமையில இல்லை' போதும். மனசு சரியில்லாம டாக்டரைப் பார்க்கப் போறவருக்கும் இதே வரிதான். அது பொய் இல்லை, முழு விவரம் இல்லை, அவ்வளவுதான். ஆனா இல்லாத ஜுரத்தை இருக்கறதா எழுதறது வேற. எழுதினது மறந்து, சாயங்காலம் தியேட்டர்ல செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டு மாட்டினவங்க பட்டியல் ரொம்ப நீளம். ஏற்கெனவே செத்துப் போன தாத்தாவை ரெண்டாவது தடவை சாகடிக்கறவங்களை நான் கணக்குல சேர்க்கலை.

சில மேனேஜர் விட மாட்டார். 'ஒரு டோலோ போட்டுட்டு வந்துடுப்பா'ம்பார். அப்ப புதுசா காரணம் சேர்க்காதீங்க. ஜுரம்னு ஆரம்பிச்சவர், தலைசுத்தல், பாட்டிக்கு முடியலை, வண்டி பஞ்சர்னு ஒவ்வொண்ணா அடுக்கினா முதல்ல சொன்ன நிஜமும் பொய்யா மாறிடும். சொன்னதையே திரும்பச் சொல்லுங்க: 'சார், எழுந்து நிக்க முடியலைங்க. என்ன சந்தேகம்னாலும் போன்ல கேளுங்க, சொல்றேன்.' தமிழ்நாட்டுல கடைகள், நிறுவனங்களுக்கான 1947ஆம் வருஷத்துச் சட்டத்துல, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துல இருந்தே உடம்பு முடியாததுக்கு 12 நாள் வரைக்கும், தற்செயல் விடுப்பா இன்னொரு 12 நாள் வரைக்கும் சம்பளத்தோட லீவ் எடுக்க வழி இருக்கு. ஃபேக்டரிக்கு வேற சட்டம், அங்க கணக்கு வேற. இன்டர்ன்ஷிப்னா உங்க ஆஃபர் லெட்டர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. சட்டத்தை மெசேஜ்ல எழுதி மேனேஜரை மிரட்டச் சொல்லலை. உங்களுக்கு உள்ள உரிமை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அந்த ஒரு வரியை நடுங்காம தட்டலாம்.

சேர்ந்தப்போ வாங்கின ஆர்டர்ல இன்னொரு விஷயமும் தேடிப் பாருங்க. இத்தனை நாள் தொடர்ந்து தகவல் இல்லாம வரலைன்னா வேலையை விட்டுட்டதா எடுத்துப்போம்னு நிறைய கம்பெனி ஒரு வரி போட்டிருக்கும். டெங்கு வந்து பத்து நாள் படுத்தவருக்கு இந்த வரி உதைக்கும். முதல் நாள் மெசேஜோட நிறுத்திடாம, ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது ஒரு வரி போய்க்கிட்டே இருக்கட்டும். வாட்ஸ்அப்ல சொன்னாலும், ஒரு மெயிலும் போட்டு வெச்சா பின்னாடி காட்டறதுக்கு ஆதாரம் இருக்கும்.

நம்ம ஹீரோ புதன்கிழமை சாயங்காலம் 4.50க்கு அனுப்பினது இது: 'சார், டாக்டர் பார்த்தார். வாந்தி நின்னுடுச்சு. நாளைக்கும் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார். வெள்ளிக்கிழமை வந்துடறேங்க. டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிட்டேன்.' சர்டிஃபிகேட்டை அன்னிக்கே வாங்கினார் பாருங்க, அது விவரம். உடம்பு சரியான பிறகு போய் முன்தேதி போட்டுக் குடுங்கன்னா நல்ல டாக்டர் குடுக்க மாட்டார். பார்த்த தேதி, ரெஸ்ட் எடுக்க வேண்டிய நாள், டாக்டர் கையெழுத்து, அவரோட பதிவு எண் இருக்கான்னு அங்கேயே ஒரு தடவை பார்த்துக்கணும். வெள்ளிக்கிழமை போனதும் முதல் வேலையா லீவ் ஃபார்மோட அதைச் சேர்த்துக் குடுத்துட்டார். மத்தியானமே கபோர்டு சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டு அட்மின் மேடம்கிட்ட குடுத்தாச்சு.